விளக்கு, தண்ணீர், தூபம், அப்பம்: ஒரு ‘பொருத்துக’ தாளைப் பிரித்துக் கட்டிய விதம்

மறைக்கல்வி வகுப்புக்கென்று எங்களுக்குக் கிடைத்த பயிற்சித் தாளில் இடப்பக்கம் நான்கு படங்கள்: விளக்கு, தண்ணீர்க் குடம், தூபக்கலசம், அப்பம். வலப்பக்கம் நான்கு சொற்கள்: ஒளி, தூய்மை, மன்றாட்டு, உணவு. கோடு போட்டு இணைக்க வேண்டும். இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்தில் உள்ள கடற்கரைப் பங்கு எங்களுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் கோடுகளைப் போட்டுவிட்டு, “டீச்சர், வீட்டுக்குப் போகலாமா?” என்பார்கள். எல்லாருக்கும் நாலுக்கு நாலு. விளக்கு என்றால் ஒளி என்று சொல்வதற்குக் கோயிலுக்கே வர வேண்டியதில்லையே.

தாளில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நாலுக்கு நாலு என்று வைத்தால், மூன்று தெரிந்த பிள்ளைக்கு நான்காவது தானாக வந்து உட்கார்ந்துவிடும். சரியாக மூன்று மதிப்பெண் யாருமே வாங்க முடியாது. ஒன்று தப்பினால் கூடவே இன்னொன்றும் தப்பும். அதனால் எந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பது ஆசிரியருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

பொருளுக்கும் கருத்துக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போனதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் தூய்மைக்கு அடையாளம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தண்ணீர் ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையிலிருந்து வழிபாடு ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக இரண்டு வரிசை போதாது, மூன்று வேண்டும்: பொருள், அது செய்யும் வேலை, அதன் வழியாக வழிபாடு சொல்வது. நடு வரிசையைப் பிள்ளைகளே கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து நிரப்ப வேண்டும்.

அட்டைகளுக்குக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டேன். கடையில் விற்கும் சார்ட் தாள் இங்கே உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் சுருண்டு போகும். பத்திரிகை அட்டை கெட்டியாக இருப்பதால் அப்படியே கிடக்கும். எழுத்து இல்லாத பக்கத்தில் பெரிதாக எழுதினால் போதும். பொருள் அட்டை நான்கு. வேலை அட்டை ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வீதம் பன்னிரண்டு. கருத்து அட்டைகளில் ஒரு வரியும் விவிலிய இடமும் இருக்கும், அதையும் வேண்டுமென்றே பொருள்களை விட நிறைய வைத்தேன். ஒரு கருத்தை இரண்டு பொருளுக்கு வைக்கலாம், ஒரு கருத்து யாருக்கும் சேராமல் மிஞ்சவும் செய்யலாம். விதி ஒன்றே ஒன்று. அட்டையை வைக்கிறவர் “ஏன்னா...” என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அட்டை கைக்குத் திரும்பிவிடும்.

விளக்கில் அதிக நேரம் போகவில்லை. அகலில் நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டு, அறையின் உள்மூலையில் வைத்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வராந்தாவில் தீக்குச்சியே நிற்காது. ஒரு அகலிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று ஏற்றச் சொன்னேன். முதல் சுடர் கொஞ்சமாவது குறைந்ததா என்று கேட்டதும் “கொடுத்தாலும் குறையாது” என்ற வேலை அட்டைக்குக் கை போய்விட்டது. திருமுழுக்கில் பாஸ்கா திரியிலிருந்து நெருப்பெடுத்துக் குழந்தைக்கான மெழுகுதிரியை ஏற்றித் தருவதை அவர்கள் தம்பி தங்கைகளின் திருமுழுக்கில் பார்த்திருக்கிறார்கள். “உலகின் ஒளி நானே” என்ற யோவான் 8:12 அதனோடு சேர்ந்துகொண்டது. “எண்ணெய் ஊற்றாவிட்டால் அணையும்” என்ற அட்டைக்கு மத்தேயு 25இல் வரும் பத்துத் தோழியர் வந்தார்கள். நற்கருணைப் பேழைக்கு முன்னால் அணையாமல் எரிய வேண்டிய விளக்குக்குப் பதிலாகச் சில கோயில்களில் இப்போது சிவப்பு பல்பு மாட்டுகிறார்கள். வசதிதான், ஆனால் எண்ணெய் ஊற்றுகிற ஆள் அங்கே தேவையில்லாமல் போகிறார், இந்த அட்டைக்கும் வேலையில்லாமல் போகிறது.

தூபத்துக்கு உபதேசியார் அண்ணன் கை கொடுத்தார். கோயிலில் தூபக்கலசத்துக்கு வைத்திருந்த கரி வில்லைகள் ஈரம் குடித்துப் பற்றவே மறுத்தன. அவர் சிரட்டைக் கரியைக் கொண்டுவந்து ஒரு மண்சட்டியில் கனிய வைத்தார். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதில் நெருப்பும் சாம்பிராணியும் ஒரே கட்டியாக இருப்பதால் எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. முதலில் சாம்பிராணிக் கட்டியை ஆளாளுக்குக் கையில் கொடுத்து முகரச் சொன்னோம். “ஒண்ணும் பெருசா வாசம் இல்லையே டீச்சர்” என்றார்கள். அப்புறம் பொடித்ததில் கால் தேக்கரண்டி அளவு கனல்மேல் தூவியதும் அறை முழுக்க மணந்துவிட்டது. அதற்கு மேல் போடத் தேவையில்லை. இழுப்பு உள்ள பிள்ளை யாராவது இருந்தால் காற்று வருகிற பக்கமாக, வாசலோரம் உட்கார வைக்க வேண்டும்.

“நெருப்பில் பட்டால்தான் மணக்கும்”, “மேலே எழும்”, “எல்லார்மேலும் பரவும்” என்ற மூன்று வேலைகளையும் இப்படிக் கண்டுபிடித்தாகிவிட்டது. மேலே எழுகிற வேலைக்குத் திருப்பாடல் 141:2 எளிதாக அமைந்தது. என் மன்றாட்டு தூபம்போல் உம்முன் எழட்டும் என்கிற பாட்டு அது. திருவெளிப்பாடு 8இல் வானதூதர் கையிலிருந்து தூபப் புகையும் இறைமக்களின் வேண்டுதலும் சேர்ந்தே எழுகின்றன. பழைய தாள் இந்த இடத்தோடு நின்றுவிடும். பீடச்சிறாராக இருக்கும் ஒரு பையன் கேட்டான்: “அப்ப அடக்கப் பூசையில பொணத்துக்கு ஏன் டீச்சர் தூபம் காட்டுறாங்க? பொணம் ஜெபம் பண்ணுமா?”

நல்ல கேள்வி. மன்றாட்டு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. தூபத்துக்கு இரண்டு பொருள் உண்டு, ஒன்று எழும் மன்றாட்டு, மற்றது மரியாதை. பீடத்துக்கு, நற்செய்தி நூலுக்கு, அப்ப ரசக் காணிக்கைக்கு, குருவுக்கு, கடைசியில் எழுந்து நிற்கிற மக்களுக்கும் தூபம் காட்டுகிறார்கள். இறந்தவரின் உடல் திருமுழுக்கில் தூய ஆவியின் கோயிலானது என்பதால் அதற்கும் அந்த மரியாதை. ஞானியர் குழந்தைக்குக் கொண்டுவந்த சாம்பிராணியும் இந்த வகைதான். பையனுக்கு வீச்சுக் கணக்கு நன்றாகவே தெரியும். நற்கருணைக்கும் நற்செய்தி நூலுக்கும் மும்முறை, புனிதர் சுரூபத்துக்கு இருமுறை. அதை அவனையே சொல்ல வைத்து, “யாருக்கு எத்தனை வீச்சு” என்று ஒரு புதுக் கருத்து அட்டை எழுதினோம். மன்றாட்டுக்கு மட்டும்தான் தூபம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருக்காது.

தண்ணீரில்தான் வகுப்பு அதிக நேரம் தங்கியது. அழுக்கைப் போக்கும், தாகம் தீர்க்கும் என்ற இரண்டு வேலை அட்டைகளையும் உடனே எடுத்துவிட்டார்கள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போடுவது, காணிக்கைக்குப் பிறகு குரு கை கழுவுவது எல்லாம் முதல் அட்டையின் கீழே போயின. இரண்டாவதற்கு வில்லூண்டி வந்தது. கடலுக்குள் இருக்கிற கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர் இருப்பதை ஒரு சிறுமி சொன்னாள். சமாரியப் பெண்ணும் கிணறும் வருகிற யோவான் 4 அதன் பக்கத்தில் அமர்ந்தது. “மூழ்கடிக்கும்” என்ற மூன்றாவது அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. எல்லாக் குழுக்களும் அதை வேண்டாத அட்டைகளோடு ஓரமாகத் தள்ளிவைத்தன.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதை இந்தத் தீவில் எந்த வீட்டிலும் பழங்கதை ஆகவில்லை. அங்கே கூரையில்லாமல் நிற்கும் கோயில் சுவரை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். கடல் ஆளை எடுக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த வேலையைச் சாமி காரியத்தில் சேர்க்க மனம் வராது. “கடல்ல விழுந்தா செத்துருவாங்கல்ல டீச்சர், அதப் போயி எப்படி வைக்கிறது?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

நான் உரோமையர் 6:3-4ஐ எடுத்து வாசிக்கச் சொன்னேன். திருமுழுக்கு வாங்கியவர்கள் கிறிஸ்துவின் சாவிலே முழுக்குப் பெற்றார்கள், அவரோடு அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று பவுல் சொல்கிற இடம். பாஸ்கா இரவில் தண்ணீரை ஆசீர்வதிக்கும் செபத்தில் நோவா காலத்து வெள்ளமும் வருகிறது, செங்கடலும் வருகிறது. இரண்டிலும் தண்ணீர் ஒரு பக்கம் அழிக்கிறது, ஒரு பக்கம் கரையேற்றுகிறது. நம் கோயில்களில் குழந்தையின் தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதோடு முடிந்துவிடுவதால் இந்தச் சாவு கண்ணில் படுவதில்லை. முழுதாக முக்கி எடுக்கும் முறையில்தான் அது வெளியே தெரியும்.

வாசித்தும் முகங்களில் தெளிவில்லை. கடலில் முங்கி எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஏனைய பிள்ளைகள் கண்ணைத் துடைப்போம், முடியை ஒதுக்குவோம் என்று அடுக்கினார்கள். கேள்வி கேட்ட அதே சிறுமியின் அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். அவள் சொன்னாள்: “எங்கம்மா முங்கி எந்திரிச்சா மொதல்ல மூச்சுதான் வாங்குவாங்க. அப்புறந்தான் மத்ததெல்லாம்.” இறங்கும்போது மூச்சை அடக்க வேண்டும், எழும்போது மூச்சு திரும்ப வரும், அதுதான் பவுல் சொல்லும் இறப்பும் புதுவாழ்வும் என்று நான் முடிக்கும் முன்பே, ஓரமாகக் கிடந்த அட்டையை அவளே எடுத்துத் தண்ணீரின் கீழே வைத்து “ஏன்னா, உள்ள போறவங்க எந்திரிச்சு வர்றாங்க” என்றாள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

அப்பத்தில் வேறு விதமான சிக்கல். சோறும் மீனும் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைகளுக்குக் கடை பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. முந்தைய ஆண்டு அப்பம் என்றதும் நினைவுக்கு வருவதை எழுதச் சொன்னபோது பல பேர் எழுதியது “ஆஸ்பத்திரி”. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ரொட்டியை நற்கருணை என்று நினைத்தவர்களும் உண்டு. அதனால் கடை பிரெட்டை வகுப்புக்குள்ளேயே விடக் கூடாது என்று முடிவு செய்தேன். ரேஷன் கோதுமையில் ஒரு கைப்பிடி, அரைத்த மாவு, பிசைந்த மாவு, சுட்டது என்று நான்கையும் வரிசையாக வைத்தோம். 200 கிராம் கோதுமை மாவுக்கு 110 மில்லி தண்ணீர், உப்பும் எண்ணெயும் கிடையாது. கெட்டியாகப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, தோசைக்கல்லில் இருபுறமும் புள்ளி விழச் சுட்டால் ஆறேழு சின்ன அப்பம் வரும். பூசைக்கான அப்பமும் இதே சரக்குதான், கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். லத்தீன் முறையில் புளிப்பு சேர்ப்பதில்லை.

ஏன் புளிப்பில்லை என்பதற்கு விடுதலைப் பயணம் 12:39 போதும். எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியதால் மாவு புளிக்க நேரமில்லை. இட்லி மாவை அரைத்த கையோடு தூக்கிக்கொண்டு இராத்திரியே ஊரைவிட்டுப் போவதைப் போல என்றதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த கோதுமை மணிகளை எண்ண முடிந்தது, அப்பத்தில் எண்ண முடியவில்லை. “பல மணி ஒன்றாகும்” என்ற வேலைக்கு 1 கொரிந்தியர் 10:17 சேர்ந்தது, அப்பம் ஒன்றே, பலராகிய நாம் ஒரே உடல் என்கிற வரி. சுட்டதைப் பிட்டுப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். பிடும்போது எந்தச் செபமும் சொல்லவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. இது சாதாரண அப்பம், நற்கருணை இல்லை, இன்னும் புதுநன்மை வாங்காதவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் குழப்பம் வந்தால் வீட்டிலிருந்து கேள்வி வரும், வருவது நியாயமும்கூட.

நான்கு பொருளும் தனித்தனியாக நின்றதால், அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடம் விடுதலைப் பயண நூலிலேயே இருக்கிறது. பாலைவனத்தில் மோசே அமைத்த சந்திப்புக் கூடாரத்தில் இந்த நான்கும் உண்டு. முற்றத்தின் நீளம் 100 முழம், அகலம் 50 முழம். உள்ளே இருக்கும் கூடாரம் 30 முழம் நீளம், 10 முழம் அகலம். பிள்ளையின் ஒரு பாதத்தை ஒரு முழம் என்று வைத்துக்கொண்டு, குதிகாலும் விரலும் தொடத் தொட நடந்து அளந்து, கோயில் மைதானத்து மணலில் குச்சியால் கோடு கிழித்தோம். ஏறக்குறைய 20 மீட்டருக்கு 10 மீட்டர் வந்தது. பத்துப் பாத அகலக் கூடாரத்தில் மூன்று நான்கு பேர் தாராளமாக நிற்கலாம். தாளில் வரைந்து பார்த்தபோது தெரியாத ஒன்று நடந்தபோது தெரிந்தது, வரிசை.

வாசல் கிழக்கே. நுழைந்ததும் பலிபீடம், அதைத் தாண்டிக் கூடாரத்துக்கு முன்னால் வெண்கலத் தொட்டி. குருக்கள் அதில் கையும் காலும் கழுவாமல் உள்ளே போகக் கூடாது. அக்னி தீர்த்தத்திலும் உள்ளே இருக்கிற 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு இராமநாதசுவாமியைக் கும்பிடப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் என்பதால், தண்ணீர் ஏன் முதலில் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கூடாரத்துக்குள் நுழைந்தால் வலக்கைப் பக்கம், அதாவது வடக்கே, பன்னிரண்டு அப்பங்கள் வைத்த மேசை. இடக்கைப் பக்கம் ஏழு அகல் கொண்ட விளக்குத்தண்டு. நேரே திரைச்சீலைக்கு முன்னால் தூபபீடம். பொருள் அட்டைகளை அந்தந்த இடத்தில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு சிப்பி வைத்தோம்.

பிறகு ஒரு பிள்ளையைக் குருவாக நடக்கவிட்டுக் கேள்வி கேட்டேன். ஆரோன் எந்த நேரத்தில் தூபம் போட்டார்? விடுதலைப் பயணம் 30:7-8ஐத் தேடிப் பிடித்தார்கள். காலையில் விளக்கைச் சரிசெய்யும்போது, மாலையில் விளக்கேற்றும்போது. விளக்கும் தூபமும் ஒரே நேரத்து வேலை என்று தெரிந்ததும் இரண்டு அட்டைகளுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார்கள். லேவியர் 24இல் அப்பத்தின்மேல் சாம்பிராணி வைக்கும் கட்டளை இருக்கிறது. அடுத்த கோடு அதற்கு. இன்றைய வழிபாட்டில் இப்படிச் சேரும் இடங்கள் உண்டா என்றபோது பீடச்சிறார் பையன் பாஸ்கா திரியில் குத்தும் ஐந்து சாம்பிராணி மணிகளைச் சொன்னான். அந்தத் திரியையே தண்ணீருக்குள் இறக்கி எடுப்பதை உபதேசியார் அண்ணன் எடுத்துக்கொடுத்தார். இந்த இரண்டாம் சுற்று தாளில் வராது, ஆளே நடந்தால்தான் வரும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் இந்து, முஸ்லிம் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. விளக்கும் சாம்பிராணியும் கோவிலிலும் உண்டு, ஏர்வாடி தர்காவிலும் உண்டு. 1969இல் இந்தியத் திருச்சபை வழிபாட்டுக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கும், ஆரத்தியும் இருப்பதால் குத்துவிளக்கு எங்கள் பீடத்துக்கும் பழகியதுதான். ஆனாலும் நடு வரிசை மட்டும்தான் எல்லாருக்கும் பொது. சுடர் கொடுத்தாலும் குறையாது என்பது எந்த வீட்டிலும் உண்மை. மூன்றாம் வரிசை அந்தந்த வழிபாட்டுக்காரர் சொல்ல வேண்டியது. அதனால் அண்டை வீட்டில் “இது எதுக்கு ஏத்துறீங்க அத்தை?” என்று கேட்டு வரச் சொன்னேன். அவர்கள் சொன்னதை வேறு நிற அட்டையில் எழுதினோம். எங்கள் விவிலிய அட்டையின் மேல் அதை ஒட்டவில்லை.

தேர்வுக்கு இப்போது ஒரே ஒரு தாள். பொருள் நான்கு, கருத்து எட்டு. அதில் இரண்டு எதற்கும் சேராதவை, ஒன்று இரண்டு பொருளுக்குச் சேரும். ஒவ்வொரு கோட்டின் மேலும் வேலையை எழுத வேண்டும். எழுதாத கோட்டுக்கு மதிப்பெண் இல்லை. இப்படிச் செய்ததில் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்குவது நின்றுவிட்டது. பெரும்பாலோர் இடறுவது தூபத்தின் மரியாதைப் பொருளில். அதனால் அடுத்த முறை தூபத்தை அப்பத்துக்குப் பிறகு, நிதானமாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். அட்டைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, ஒரு துணிமுடிப்பில் காய்ந்த அரிசியும் சேர்த்து மூடிவைத்தால் மழைக்காலத்திலும் ஒட்டிக்கொள்வதில்லை.